முதல் பத்தியில் 38 கிணறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. படிக்க விரும்புகிறவர்களுக்கு டிசம்பர் மாதம் கெடு மாதம். பெரும்பாலான துறைகளின் கடைசித் தேதி அந்த மாதத்தின் முதல் பாதியில் வந்துவிடும். மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் தயாரான பிறகும் மாணவர்களைத் தூங்கவிடாத தாள் ஒன்று இருக்கும். எஸ்.ஓ.பி. என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் நோக்க அறிக்கை அது. ஒன்று அல்லது இரண்டு பக்கம்தான். அதிலும் வாரக்கணக்கில் எழுதி எழுதி அழிக்கப்படுவது முதல் பத்தி.

அந்தப் பத்தியைப் படிக்கப்போவது அலுவலக ஊழியர் இல்லை. துறைப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த சேர்க்கைக் குழு அது. பெரிய துறையாக இருந்தால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் அவர்கள் முன் குவிந்திருக்கும். பாடம் நடத்தி, ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் படிக்கிறவர்கள் அவர்கள். இந்த மாணவர் எதைக் கேட்கிறார், இதுவரை என்ன செய்திருக்கிறார், நம் துறையில் யாரிடம் வேலை செய்யலாம் என்ற மூன்றும் முதல் ஐந்தாறு வரிகளில் தெரிந்தால், மீதிப் பக்கத்தை அந்தக் கண்ணோடு படிப்பார்கள். தெரியாவிட்டால், தேடிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினம் மாவட்டத்து மாணவி ஒருத்தி நிலத்தடி நீரியலில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறாள். எம்.எஸ்சி. ஆய்வேட்டை வேதாரண்யம் பக்கத்தில் செய்திருக்கிறாள். உப்பளங்களும் இறால் குளங்களும் நிறைந்த ஊர். அவள் எழுதுவது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் சொல்கிறோம். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"சிறு வயது முதலே அறிவியல் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. தண்ணீர் மனித வாழ்வின் ஆதாரம். இன்று உலகம் முழுவதும் தண்ணீர்த் தட்டுப்பாடு பெரும் சவாலாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறிய நான், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து இந்தச் சவாலுக்குத் தீர்வு காண விரும்புகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 'தண்ணீர்' என்ற இடத்தில் 'மின்சாரம்' என்று போட்டுப் பாருங்கள். பத்தி அப்படியே நிற்கும். பெயரை மாற்றினாலும் நிற்கும். முதல் வகுப்பு என்பது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் புகழ் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாததும் இல்லை. நான்கு வாக்கியத்தில் அவளுக்கு மட்டுமே சொந்தமான செய்தி ஒன்றுகூட வரவில்லை.

அவளிடம் செய்தி இல்லாமல் இல்லை. ஆய்வேட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசச் சொன்னால் கொட்டுகிறாள். கைக்கடக்கமான மீட்டரை எடுத்துக்கொண்டு கிணறு கிணறாகப் போய், தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்திருக்கிறாள். உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே மீட்டர் காட்டும் எண்ணை வைத்து உப்பின் அளவைக் கணிக்கலாம். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரு முறை.

கடலுக்குப் பக்கத்தில் போகப் போக உப்பு கூடும் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். மணல்மேட்டில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த கிணறுகளில் தண்ணீர் குடிக்கும்படி இருந்தது. மூன்று கிலோமீட்டர் உள்ளே, இறால் குளங்களை ஒட்டிய கிணறுகளில் உப்புக் கரித்தது. மணல்மேட்டு விஷயத்துக்கு விளக்கம் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கனத்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. ஆனால் உள்ளே இருக்கிற கிணற்றுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கலாம். குளத்திலிருந்து கீழே இறங்கியிருக்கலாம். என்றோ கடல் மூடியிருந்த காலத்துக் களிமண்ணில் தங்கிய பழைய உப்பாகவும் இருக்கலாம். மீட்டருக்கு மூன்றும் ஒன்றுதான்.

இந்த இடம்தான் முதல் பத்தி பிறக்கும் இடம். கையில் இருந்த கருவி எட்டாமல் நின்ற இடத்தில், அடுத்து என்ன தேவை என்ற கேள்வி தானாக எழுகிறது. குளத்து நீர் வெயிலில் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் முதலில் பறந்துபோய், கனமான ஆக்சிஜனின் பங்கு மிஞ்சிய நீரில் கூடும். நேராகக் கடலிலிருந்து வந்த நீரில் அந்தத் தடயம் அப்படி இருக்காது. அந்த அளவீட்டுக்கான வசதி அவள் படித்த துறையில் இல்லை. அவள் போக வேண்டிய காரணமே அதுதான். இப்போது பத்தி இப்படி மாறுகிறது:

"கரையோரக் கிணற்றில் ஏறும் உப்பு கடலிலிருந்து வருகிறதா, மேலே உள்ள இறால் குளங்களிலிருந்து இறங்குகிறதா என்று பிரித்தறிய விரும்புகிறேன். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக வேதாரண்யம் பகுதியில் 40 கிணறுகளைக் கோடையிலும் மழைக்குப் பின்பும் அளந்தேன். கடலோர மணல்மேட்டைவிட, மூன்று கிலோமீட்டர் உள்ளே குளங்களை ஒட்டிய கிணறுகளில் உப்பு அதிகம் இருந்தது. மின்கடத்துதிறனை மட்டும் வைத்துக் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. பிஎச்.டி.யில் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவீட்டையும் நிலத்தடி நீரோட்டக் கணினி மாதிரியையும் சேர்த்து இந்தக் கேள்வியைத் தொடர விரும்புகிறேன்."

ஐந்தே வாக்கியம். கேள்வி, செய்த வேலை, கிடைத்ததும் கிடைக்காததும், போக விரும்பும் திசை. நான்காவது வாக்கியத்தைச் சேர்க்கத்தான் பலருக்குத் தயக்கம். தன் குறையைத் தானே சொல்வதா என்று தோன்றும். ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு அது குறையாகத் தெரியாது. தன் தரவு எதுவரை பேசும் என்று தெரிந்த மாணவி என்றுதான் தெரியும். 'குளங்களே காரணம் எனக் கண்டுபிடித்தேன்' என்று எழுதியிருந்தால், ஆதாரம் எங்கே என்று அடுத்த வரியிலேயே கேட்பார்கள்.

கடைசி வாக்கியத்தில் அளவு முக்கியம். 'நீர்வளம் குறித்து ஆராய விரும்புகிறேன்' என்றால் எந்தப் பேராசிரியரிடம் அனுப்புவது என்று குழுவுக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுத் திட்டத்தையும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினால், அதே திட்டத்தை நடத்தும் ஆள் அங்கே இல்லையென்று விண்ணப்பம் ஒதுங்கிவிடலாம். அமெரிக்காவில் பலர் சேர்ந்த பிறகுதான் தலைப்பை முடிவுசெய்கிறார்கள். அங்கே திசை போதும். பிரிட்டனில் பல துறைகள் ஆய்வு முன்மொழிவைத் தனியாகக் கேட்கும். ஜெர்மனியில் குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகள் நிறைய வரும். அப்போது முதல் வாக்கியம் அந்தத் திட்டத்தின் கேள்வியைத் தொட்டாக வேண்டும். ஒரே பத்தியை மூன்று நாட்டுக்கும் அனுப்புவது சரிவராது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. வேறு துறையில் படிக்கும் தோழியிடம் பத்தியைக் கொடுத்து, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். "கிணத்து உப்பு கடல்லேர்ந்து வருதா, குளத்துலேர்ந்து வருதான்னு பார்க்கப் போறே" என்று அவள் சொல்லிவிட்டால் போதும். "ஏதோ தண்ணி சம்பந்தமா" என்றால் முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வேதாரண்யம் மாணவியின் பத்தியில் இன்னும் ஒரு திருத்தம் மிச்சமிருந்தது. 40 கிணறுகள் என்று நினைவிலிருந்து எழுதியிருந்தாள். ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு கிணறுகள் கோடையில் வற்றிப்போனதால் கணக்கில் சேரவில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதும் அவளுடைய நெறியாளர் 38 என்றுதான் எழுதுவார். குழுவின் மேசையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 40-ஐ அடித்துவிட்டு 38 என்று திருத்தினாள்.