தணிக்கை அறிக்கை ஒன்று, ரிட்டர்ன் வேறொன்று

திருப்பூரில் ஒரு பனியன் பங்குதாரர் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2023-24 கணக்குக்கு ஆடிட்டர் படிவம் 3சிடி-யைத் தாக்கல் செய்துவிட்டார். தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தில் 84,000 ரூபாய் தாமதமாகக் கட்டப்பட்டது என்று அதன் 20(ஆ) பத்தி சொல்கிறது. ரிட்டர்னிலோ அந்தத் தொகை வருமானத்தில் சேர்க்கப்படவில்லை. ரிட்டர்னுக்கான கடைசி நாளுக்கு முன்பே கட்டிவிட்டதால் செலவாகக் கழிக்கலாம் என்று கணக்கர் நினைத்துவிட்டார். அந்தக் கணக்குக்கு முதலாளியின் பங்குக்குத்தான் அந்தச் சலுகை இருந்தது. தொழிலாளர் பங்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

பெங்களூரு மத்திய செயலாக்க மையத்தின் கணினி இரண்டு படிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால், பிரிவு 143(1)(a)-இன்படி அந்தத் தொகையை வருமானத்தில் சேர்க்கப்போவதாக அறிவிப்பு வரும். பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் போகாவிட்டால் தொகை சேர்ந்துவிடும்.

அறிவிப்பு வந்ததும் முதல் வேலை, பி.எஃப். சலான்களை எடுத்து மாதவாரியாகச் சரிபார்ப்பது. இந்த நிறுவனத்தில் அக்டோபர் சம்பளத்துக்கான 48,000 ரூபாய் நவம்பர் 22-இல்தான் கட்டப்பட்டிருந்தது. அதில் ஆடிட்டர் எழுதியது சரி. ஆனால் ஜனவரிக்கான 36,000 ரூபாய் பிப்ரவரி 14-இலேயே கட்டப்பட்டிருந்தது. அறிக்கையில் அது 24 என்று தவறாகப் பதிவாகிவிட்டது.

ஆகவே 48,000 ரூபாயை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 14,976 ரூபாய். வட்டி தனி. இதைக் கட்டிவிட்டு, பிரிவு 139(5)-இன்படி திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். அதில் முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பிரிவு 36-இன் கீழ் அனுமதிக்கப்படாத தொகைக்கான கட்டத்தில் 48,000-ஐக் காட்ட வேண்டும். 2023-24 கணக்குக்கு இதைச் செய்ய 2024 டிசம்பர் 31 வரை சட்டம் இடம் கொடுத்தது. திருத்திய ரிட்டர்னையும் மின்முறையில் சரிபார்த்தால்தான் அது செல்லும்.

மீதி 36,000 ரூபாயை ஏற்க மறுத்து இணையத்தில் பதில் தர வேண்டும். பதிலில் நீண்ட விளக்கம் தேவையில்லை. எந்த மாதம், எவ்வளவு தொகை, கெடு எது, பணம் கட்டிய நாள் எது, அறிக்கையில் பதிவான நாள் எது என்று ஒரு சிறு அட்டவணை போதும். அதோடு சலான் நகலையும், தேதி பிழையானது என்று ஆடிட்டர் எழுதிய கடிதத்தையும் இணைக்கலாம். இந்த 36,000-ஐயும் அவசரப்பட்டுத் திருத்திய ரிட்டர்னில் சேர்த்துவிட்டால், கட்டவேண்டியிராத வரியை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பதிலைக் கவனிக்காமல் மையம் முழுத் தொகையையும் சேர்த்துவிட்டால், அதே சலானோடு பிரிவு 154-இல் திருத்தம் கேட்கலாம். பிழை பார்த்ததுமே தெரிவதாக இருந்தால்தான் இந்த வழி உதவும். சட்டத்தின் பொருளைப் பற்றிய வாதமானால் மேல்முறையீடுதான்.