மாத்திரை நின்ற பிறகு வரும் காய்ச்சல்

2022 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்கு மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். முதல் சில வாரங்கள் அந்த இதயம் நன்றாகவே துடித்தது. இரண்டே மாதத்தில், மார்ச் 8 அன்று, அவர் இறந்துபோனார். அறுவைக்கு முன் அந்தப் பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் கிருமி எதுவும் தெரியவில்லை. ஆனால் மாற்றப்பட்ட இதயத்துக்குள் பன்றியின் சைட்டோமெகலோவைரஸ் பதுங்கியிருந்தது. சுமார் இருபதாம் நாளிலிருந்தே அவருடைய இரத்தத்தில் அதன் மெல்லிய தடயம் தெரியத் தொடங்கியதாக மருத்துவர்கள் பின்னர் எழுதினார்கள். அவர் இறந்ததற்கு அந்த வைரஸ் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை; பங்கிருக்கலாம் என்கிறார்கள்.

பன்றியின் வைரஸும் மனித சைட்டோமெகலோவைரஸும் ஒன்றல்ல. ஆனால் உறுப்போடு சேர்ந்து ஒரு வைரஸும் உடலுக்குள் வந்து, தூங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தாழும்போது விழிப்பது மனிதரிடமிருந்து மனிதருக்கு உறுப்பு மாற்றும்போதும் நடக்கிறது. மருத்துவமனைகளில் 'சிஎம்வி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மனித வைரஸ், சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் என எந்த உறுப்பைப் பெற்றவருக்கும் கவலை தரக்கூடியது.

பெரும்பாலானோருக்கு இது சிறு வயதிலேயே எச்சில், தாய்ப்பால் வழியாக வந்துவிடும். சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். பலருக்கு அதுகூட இருக்காது. அதன்பின் வைரஸ் வெளியேறாமல், இரத்த அணுக்களை உருவாக்கும் செல்களில் வாழ்நாள் முழுவதும் ஓசையில்லாமல் தங்கிவிடும். இந்தியாவில் வளர்ந்த பெரும்பாலானோரின் இரத்தத்தில் இதற்கான 'ஐஜிஜி' எதிர்பொருள் இருக்கிறது. எதிர்பொருள் இருக்கிறது என்றால் வைரஸ் ஒருமுறை வந்து உடல் அதை அடையாளம் கண்டிருக்கிறது என்று பொருள். போய்விட்டது என்று பொருளல்ல.

மாற்று உறுப்பைப் பெற்றவர் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு என எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை நாள்தோறும் விழுங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உடல் புதிய உறுப்பை அந்நியன் என்று தள்ளிவிடும். சிலருக்கு அறுவையின்போதே 'ஏடிஜி' என்ற வலுவான ஊசியும் போடப்படும். வைரஸை அடக்கிவைக்கும் டி-செல்களைத்தான் இந்த ஊசி குறைக்கிறது.

இந்தத் தணிப்பால் எந்தத் தொற்று எப்போது வரும் என்பதில் மருத்துவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டிருக்கிறார்கள். முதல் மாதத்தில் வருபவை பெரும்பாலும் அறுவையோடு சேர்ந்தவை. புண்ணில் சீழ், சிறுநீர்க் குழாய் வழியாக வரும் தொற்று, மருத்துவமனைப் பாக்டீரியா போன்றவை. தானம் தந்தவரிடமிருந்து வந்த கிருமிகளும் சில நேரம் இந்தக் காலத்திலேயே தலைகாட்டும். ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை, மருந்தின் முழு அழுத்தத்தில், இயல்பாக அடங்கிக் கிடப்பவை கிளம்பும்: சிஎம்வி, நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சை போன்றவை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், பழைய காசநோய்த் தழும்பு மீண்டும் எரியத் தொடங்குவதையும் முதல் ஆண்டில் எதிர்பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் மருந்தளவு குறைய, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் சளி, நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்றவையே மிகுதி.

இந்தக் கால அட்டவணை கல்வெட்டு அல்ல. உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டு வலுவான மருந்து கொடுத்தால் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடும். தடுப்பு மருந்து தந்தால் சிஎம்வியின் வரவு தள்ளிப்போகும். இந்தத் தள்ளிப்போதல்தான் பல குடும்பங்கள் அறியாத பகுதி.

அபாயத்தை அளக்க மருத்துவர்கள் முதலில் பார்ப்பது தந்தவர், பெற்றவர் இருவரின் ஐஜிஜி முடிவுகளை. தந்தவருக்கு சிஎம்வி இருந்து, பெற்றவர் அதை ஒருபோதும் சந்திக்காதவராக இருந்தால் அபாயம் மிக அதிகம். எதிரியை முன்பே பார்த்திராத டி-செல்களால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பெற்றவருக்கு ஏற்கெனவே வைரஸ் இருந்தால் அபாயம் நடுத்தரம். அவரும் ஏடிஜி வாங்கியிருந்தால் கூடும். இருவருக்கும் இல்லையென்றால் மிகக் குறைவு. நம் ஊரில் பெரும்பாலானோர் நடுத்தர வகையினர். அதனால் மிக அபாய வகையில் ஒருவர் வந்தால் அவர் கவனத்திலிருந்து நழுவிவிடக் கூடாது.

தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வால்கான்சிக்ளோவிர் மாத்திரையைத் தினமும் கொடுப்பது. சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம். நடுத்தர அபாயத்தில் சுமார் மூன்று மாதம், மிக அபாயமான சிறுநீரக மாற்றில் ஆறு மாதம். இந்த ஆறு மாதம் ஏன் என்பதற்கு 2010-ல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. நூறு நாள் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு சுமார் 37 பேருக்கு ஓர் ஆண்டுக்குள் சிஎம்வி நோய் வந்தது. இருநூறு நாள் எடுத்தவர்களில் 16 பேருக்கு. அந்த 16 பேருக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது வழி, மாத்திரை தராமல் வாரம் ஒருமுறை இரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்து, எல்லை தாண்டினால் உடனே சிகிச்சை தொடங்குவது. இந்தப் பிசிஆர் பரிசோதனையின் முடிவு மில்லிலிட்டருக்கு இத்தனை 'சர்வதேச அலகு' என்று வரும். வைரஸ் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால்கூட ஒரு வாரத்தில் பத்து மடங்குக்கு மேல் பெருகிவிடும். ஆகவே ஒரு வாரம் தவறினாலும் பிடி நழுவலாம். கல்லீரல் பெற்ற மிக அபாய நோயாளிகளிடம் 2020-ல் வெளியான ஆய்வில் இந்தக் கண்காணிப்பு வழியில் நோய் சுமார் 9 சதவீதமும், மாத்திரை வழியில் 19 சதவீதமும் வந்தது. சிறிய அளவில் வைரஸைச் சந்தித்ததால் உடல் எதிர்ப்பைக் கற்றுக்கொண்டதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் வாரா வாரம் பரிசோதனைக்கு வந்து, முடிவு விரைவில் கிடைத்து, உடனே மருந்து தொடங்க முடிந்தால்தான் இது பலிக்கும். தொலைதூரக் கிராமத்திலிருந்து வருபவருக்கு மாத்திரை வழியே பாதுகாப்பானது.

மாத்திரைக்கும் விலை உண்டு. அது பணத்தில் மட்டுமல்ல. வெள்ளை அணுக்கள் குறையும். அதே வேலையை மைக்கோபீனோலேட்டும் செய்யும், நியூமோசிஸ்டிஸ் வராமலிருக்கக் கொடுக்கும் கோட்ரிமாக்சசோலும் செய்யும், சிஎம்வி வைரஸும் செய்யும். எது காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. இந்தக் குழப்பத்தில் வால்கான்சிக்ளோவிர் அளவை இஷ்டத்துக்குப் பாதியாக்குவது பொதுவான தவறு. குறைந்த அளவில் வைரஸ் சாகாமல் பழகிக்கொள்ளும். பிறகு மருந்துக்கே கட்டுப்படாது. முதலில் மைக்கோபீனோலேட்டைக் குறைப்பதையே மருத்துவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். 2023-ல் வெளியான சிறுநீரக மாற்று ஆய்வில், லெட்டெர்மோவிர் என்ற புதிய மருந்து நோயைத் தடுப்பதில் வால்கான்சிக்ளோவிருக்கு இணையாக நின்றது. வெள்ளை அணுக் குறைவு 64 சதவீதத்திலிருந்து 26 ஆகக் குறைந்தது. ஆனால் அது ஹெர்ப்ஸ் வைரஸைத் தடுக்காது, டாக்ரோலிமஸ் அளவையும் உயர்த்தும். அந்த இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு நோயாளியிடம் எப்படி நடக்கும் என்று பார்க்க, விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 28 வயதுப் பெண், எடை 50 கிலோ. அம்மாவின் சிறுநீரகத்தைப் பெற்றவர். அம்மாவுக்கு ஐஜிஜி இருக்கிறது, மகளுக்கு இல்லை. ஏடிஜியும் போடப்பட்டது. ஆறு மாதம் வால்கான்சிக்ளோவிர் ஒழுங்காக விழுங்கினார், ஒரு குறையும் இல்லை. மாத்திரை நிறுத்தி ஆறு வாரத்தில் சோர்வு, மாலையில் மிதமான காய்ச்சல், நாளுக்கு நான்கைந்து முறை பேதி. ஊரில் உள்ள மருத்துவர் வயிற்றுத் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தருகிறார். மாற்று மையத்தில் பேசினால் மைக்கோபீனோலேட்டின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று முதலில் தோன்றும், அதுவும் பேதியை உண்டாக்கும் மருந்துதான். ஆனால் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 2,400. அந்த எண் சந்தேகத்தைத் திருப்புகிறது. பிசிஆர் செய்தால் மில்லிலிட்டருக்கு 48,000 அலகு. பெருங்குடலில் இருந்து எடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் வைரஸின் பெரிய உள்ளுடல் கொண்ட செல்கள் தெரிகின்றன. குடலில் வைரஸ் இருந்தும் இரத்தத்தில் தெரியாத நேரங்களும் உண்டு. அதனால் பேதி தொடர்ந்தால் பிசிஆர் இயல்பாக இருந்தாலும் விட்டுவிட மாட்டார்கள்.

சிகிச்சை அளவு ஒரு நாளைக்கு இருமுறை 900 மில்லிகிராம். ஆனால் இவருடைய கிரியாட்டினின் 1.3. வயது, எடை, பாலினம் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு சுமார் 51 மில்லிலிட்டர். இந்த வரம்பில் 450 மில்லிகிராம் இருமுறைதான் சரியான அளவு. உறிஞ்சுமளவுக்கு வயிறு தேறாதபோது கான்சிக்ளோவிர் ஊசியில் தொடங்கி, பிறகு மாத்திரைக்கு மாறுவார்கள். கிரியாட்டினின் மாறினால் மருந்தளவும் மாறும். முதல் வாரத்தில் வைரஸ் அளவு குறையாமல், சற்று ஏறினாலும் பதற வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சரியான அளவில் கொடுத்தும் இறங்காவிட்டால் வைரஸின் மரபணுவில் மருந்தெதிர்ப்பு மாற்றம் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அப்படிக் கட்டுக்கடங்காதவர்களுக்கென 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து மாரிபாவிர். மேலே சொன்ன பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரம் அளவு ஆயிரத்துக்குக் கீழ் வந்து, ஐந்தாம் வாரம் கண்டறிய முடியாத அளவாகிறது. அதன் பிறகும் சில மாதம் அவரை விட்டுவிடாமல் பரிசோதிக்கிறார்கள்.

இந்தக் கணக்குகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சில ஆய்வகங்கள் முழு இரத்தத்தில் அளக்கும், சில பிளாஸ்மாவில் அளக்கும். உலக சுகாதார அமைப்பு 2010-ல் பொதுவான அளவுகோலை ஏற்படுத்திய பிறகும் ஓர் ஆய்வகத்தின் எண் மற்றதோடு அப்படியே பொருந்தாது. ஆகவே ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில் தொடர்ந்து பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும்.

மாற்று உறுப்பு பெற்றவரோ அவருடைய குடும்பத்தாரோ இதைப் படித்தால், கையேட்டில் மூன்றை எழுதி வையுங்கள்: தந்தவர், பெற்றவர் இருவரின் சிஎம்வி ஐஜிஜி முடிவு, தடுப்பு மாத்திரை நிற்கும் தேதி, அதன்பின் எத்தனை வாரம் பிசிஆர் பார்க்கப்படும் என்ற விவரம். மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். கர்ப்பம் தரிக்கக்கூடியவர்கள் எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பிறகும் எவ்வளவு நாள் கருத்தடை வேண்டும் என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாத்திரை நின்ற முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோ, பேதியோ, காரணமில்லாத சோர்வோ வந்தால், ஊரில் மருந்து வாங்குவதற்கு முன் மாற்று மையத்தை அழையுங்கள்.