ஒரே புரோப்பீன், இரண்டு விடைகள்

புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன கிடைக்கும்? 59 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் 2-புரோமோபுரோப்பேன் என்று பிளஸ் ஒன் மாணவர் சட்டென்று சொல்லிவிடுவார். ஆனால் கலவையில் துளி பெராக்சைடு இருந்தால் போதும், 71 டிகிரியில் கொதிக்கும் 1-புரோமோபுரோப்பேன்தான் பெருமளவில் வரும்.

இந்தக் குழப்பம் வேதியியலாளர்களையே நீண்ட நாள் அலைக்கழித்தது. அல்லைல் புரோமைடை வைத்துச் செய்த இதே வகைச் சோதனையில் ஒருவருக்கு ஒரு பொருளும் இன்னொருவருக்கு வேறொரு பொருளும் கிடைத்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மோரிஸ் காரஷும் ஃபிராங்க் மேயோவும் 1933-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். காற்றுப்பட வைத்திருந்த மாதிரிகளில் தானாக உருவாகியிருந்த பெராக்சைடுதான் வினையின் பாதையையே மாற்றியிருந்தது.

பாதை மாறினாலும் அடிப்படை மாறவில்லை என்பதுதான் இதில் அழகு. புரோப்பீனின் அமைப்பு CH3–CH=CH2. பெராக்சைடு இல்லாதபோது முதலில் வந்து சேர்வது ஹைட்ரஜன் அயனி. அது ஓரக் கார்பனில் அமர்ந்தால் நேர்மின்சுமை நடுக் கார்பனுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் கார்பன் உள்ள ஈரிணைய கார்பன் நேரயனி உருவாகிறது. பிறகு புரோமைடு அந்த நடுக் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது. பெராக்சைடு இருந்தால் முதலில் வருவது புரோமின் அணு. அதுவும் ஓரக் கார்பனில்தான் அமர்கிறது; நடுவில் ஒற்றை எலக்ட்ரானோடு ஒரு தனி உறுப்பு நிற்கிறது. கடைசியில் ஹைட்ரஜன் அங்கே வருகிறது. இரண்டு பாதையிலும் அதிக நிலைப்புள்ள இடைப்பொருளே உருவாகிறது. முதலில் அமர்வது யார் என்பது மட்டுமே வேறு.

நடுக் கார்பனுக்கு ஏன் அந்த நிலைப்பு? கார்பன் நேரயனியில் ஓர் ஆர்பிட்டால் காலியாக இருக்கிறது. பக்கத்து மெத்தில் தொகுதியின் C–H பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்கள் அந்தக் காலியிடத்தின் பக்கம் சற்றே பரவி, நேர்மின்சுமையின் வீரியத்தைக் குறைக்கின்றன. இதுதான் ஹைப்பர்கான்ஜுகேஷன். எத்தில் அயனியில் இப்படி உதவக்கூடிய C–H பிணைப்புகள் மூன்று, ஐசோபுரோப்பைலில் ஆறு, மூவிணைய பியூட்டைலில் ஒன்பது. இதோடு தூண்டல் விளைவும் கைகொடுக்கிறது. அல்கைல் தொகுதிகள் தங்கள் எலக்ட்ரான்களைப் பிணைப்பு வழியாகவே சுமையுள்ள கார்பனை நோக்கித் தள்ளுகின்றன. அதனால்தான் மூவிணையம், ஈரிணையம், ஓரிணையம், மெத்தில் என்ற இறங்குவரிசை.

தனி உறுப்புகளுக்கும் இதே வரிசைதான். ஆனால் இடைவெளிகள் வேறு. மெத்தில் நேரயனியைவிட மூவிணைய பியூட்டைல் நேரயனி, வாயு நிலையில் மோலுக்குச் சுமார் 80 கிலோகலோரி அளவுக்கு நிலைப்பு மிகுந்தது. தனி உறுப்புகளில் அந்த வித்தியாசம் பத்து கிலோகலோரிக்குள் அடங்கிவிடுகிறது. தனி உறுப்புக்கு மின்சுமை இல்லை. அதன் ஆர்பிட்டாலில் ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அண்டைப் பிணைப்புகள் எலக்ட்ரான் கொடுத்தாலும் அதற்குக் கிடைக்கும் ஆதாயம் குறைவு.

மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அல்லைல் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் மின்சுமையோ ஒற்றை எலக்ட்ரானோ ஒரே கார்பனில் நிற்பதில்லை. உடனிசைவால் இரு முனைக் கார்பன்களும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ‘உடனிசைவு இருந்தால் எப்போதும் அதுவே முதலிடம்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தனி உறுப்பில் இது சரி. புரோப்பீனின் மெத்தில் முனையிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 88 கிலோகலோரி போதும். மூவிணைய பியூட்டைல் தனி உறுப்பை உருவாக்கச் சுமார் 96 வேண்டும். ஆகவே அல்லைலே முந்துகிறது. நேரயனியில் கதை தலைகீழ். வாயு நிலையில் அல்லைல் நேரயனி, ஐசோபுரோப்பைல் நேரயனியின் மட்டத்தை ஒட்டித்தான் நிற்கிறது. மூவிணைய பியூட்டைல் அதைத் தெளிவாகத் தாண்டிவிடுகிறது. எலக்ட்ரானுக்கு ஏங்கும் நேரயனிக்கு மூன்று மெத்தில்கள் தரும் உதவி, ஓர் இரட்டைப் பிணைப்பு தரும் உடனிசைவைவிடப் பெரிது.

தூண்டல் விளைவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். புரோப்பீனின் மெத்திலில் உள்ள மூன்று ஹைட்ரஜன்களுக்கும் பதிலாக ஃப்ளூரின் வைத்தால், அந்த CF3 தொகுதி எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதன் அருகில் நேர்மின்சுமை உருவாவது மிகக் கடினம். எனவே அயனிப் பாதையிலேயே ஹைட்ரஜன் நடுக் கார்பனுக்கும் புரோமின் ஓரத்துக்கும் போகின்றன. ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும் என்று மட்டும் பார்க்கும் மார்கோனிகாஃப் விதியை அப்படியே ஒப்பிப்பவருக்கு இங்கே விடை தவறிவிடும்.

தேர்வில் இப்படியொரு கேள்வி வந்தால், விடைப்பொருளுக்குத் தாவாமல் முதலில் இடைப்பொருளை வரைந்து பாருங்கள். அதில் மின்சுமை இருக்கிறதா, ஒற்றை எலக்ட்ரான் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு வரிசைப்படுத்துங்கள்.