ஆய்வுச் சுவரொட்டிக்குத் தமிழில் உரை எழுதுதல்: முவைலா ஒட்டக எலும்புகளை முன்வைத்து

கருத்தரங்கக் கட்டுரையைப் படிப்பவர் அமர்ந்து படிக்கிறார். ஆய்வுச் சுவரொட்டியைப் படிப்பவர் நின்று படிக்கிறார். அவருக்கு இருபுறமும் வேறு சுவரொட்டிகள் இருக்கின்றன, கையில் தேநீர் இருக்கிறது, பின்னால் ஒருவர் காத்திருக்கிறார். 1969இல் மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியல் கழகங்களின் கூட்டமைப்பு மாநாட்டிலேயே சுவரொட்டி அமர்வு முதலில் இடம்பெற்றது என்பர். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்த பிறகும், கட்டுரையைச் சுருக்கிப் பெரிய தாளில் அச்சிட்டால் அது சுவரொட்டியாகிவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே நீங்கவில்லை. சுவரொட்டியின் உரையைப் புதிதாகவே எழுத வேண்டும். அஃது எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை ஒரே எடுத்துக்காட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

சார்ஜாவின் முவைலா, இன்று பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் சூழ்ந்த பகுதி. அங்கே பீட்டர் மகீ தலைமையில் அகழப்பட்ட இரும்புக்கால வாழ்விடம் பல வகைகளில் பெயர்பெற்றது. தூண்களுடைய மண்டபம், தென் அரேபிய எழுத்துப் பொறித்த பானையோடு, இரும்புப் பொருள்கள், சுடுமண் ஒட்டக உருவங்கள், ஊரை அழித்த தீயின் தடயங்கள் ஆகியவை அங்கே கிடைத்தன. ஒட்டக எலும்புகளும் கிடைத்தன. அவற்றை ஹான்ஸ்-பீட்டர் உவெர்ப்மன், மார்கரெத் உவெர்ப்மன் ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். துபாயின் அல் சுஃபூவில் கிடைத்த, காலத்தால் முந்திய காட்டு ஒட்டகங்களின் எலும்புகளைவிட முவைலா எலும்புகள் அளவில் சிறியவை. கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கப் பகுதியில் இப்பகுதியில் வளர்ப்பு ஒட்டகம் தோன்றிவிட்டது என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது. இந்த முடிபைத் தமிழில் ஒரு சுவரொட்டியாக்க வேண்டும் என்று கொள்வோம்.

நம் வழக்கப்படி தலைப்பு இவ்வாறு அமையும்: “ஐக்கிய அரபு அமீரகத்தின் சார்ஜா முவைலா இரும்புக்கால வாழ்விடத்தில் கிடைத்த ஒட்டக எலும்புகளின் அளவுகள் காட்டும் வளர்ப்புநிலை: ஓர் ஒப்பீட்டு ஆய்வு.” இதில் 16 சொற்கள் உள்ளன, ஆயினும் ஆய்வு என்ன கண்டது என்பது இல்லை. “ஓர் ஆய்வு” என்னும் ஈற்றினை முதலில் நீக்கலாம். ஆய்வு மாநாட்டில் தொங்கும் தாள் ஆய்வாகத்தானே இருக்கும். நாடு, ஊர், காலம் ஆகியவை தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாகச் செல்லலாம். எஞ்சுவதை வினைமுற்றுடன் கூடிய ஒரு தொடராக்கினால், “முவைலாவில் ஒட்டகம் வளர்த்தனர்” என்று வருகிறது. மூன்றே சொற்கள், தொலைவிலிருந்தே படிக்கலாம்.

ஆனால் இத்தலைப்பு பிழையானது. சுருக்கத்தின் இடர் இங்குதான் இருக்கிறது. எலும்புகள் உணர்த்துவது, அங்கே கிடைத்த விலங்குகள் வளர்ப்பினத்தைச் சார்ந்தவை என்பதை மட்டுமே. அவை அவ்வூரிலேயே ஈன்று வளர்ந்தனவா, வேறிடத்திலிருந்து சுமையுடன் வந்து சேர்ந்தனவா என்பதை எலும்பின் அளவு சொல்லாது. “வளர்த்தனர்” என்னும் வினைமுற்று ஆய்வு கூறாத ஒன்றைக் கூறிவிடுகிறது. “முவைலா ஒட்டகங்கள் வளர்ப்பு விலங்குகள்” என்பது ஒரு சொல் மிகுதியாயினும் சான்றின் எல்லைக்குள் நிற்கிறது. தமிழில் வினையை முடிக்கும்போது எழுவாய் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் குறுந்தலைப்பு எழுதுவோர், வினைமுற்றின் விகுதி யாரைச் சுட்டுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முடிபைச் சுவரொட்டியின் நடுவே மிகப்பெரிய எழுத்தில் ஒரே தொடராக இடும் அமைப்பை 2019இல் மைக் மாரிசன் என்னும் உளவியல் ஆய்வு மாணவர் பரப்பினார். அதற்கு வரவேற்பும் எதிர்ப்பும் எழுந்தன. நடுவில் நிற்பது ஒரே தொடராயின், அது அளவு கடந்து உறுதியாக ஒலிக்கும் என்பது எதிர்ப்பின் சாரம். அந்த எதிர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். அதற்காக, “எனலாம் போலும்”, “எனக் கருத இடமுண்டு” என்று ஐயச் சொற்களை அடுக்குவது தீர்வாகாது. முடிபின் நேர்கீழே அதற்கு அடிப்படையான நோக்கை வைப்பதே தீர்வு: “அவற்றின் எலும்புகள் அல் சுஃபூவின் காட்டு ஒட்டக எலும்புகளைவிடச் சிறியவை.” மேலே உள்ளது உய்த்துணர்வு, கீழே உள்ளது அளந்து கண்டது. இரண்டும் தனித்தனியே நிற்பதால், படிப்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாமே சென்று பார்க்க இயலும்.

இனிக் கட்டங்கள் நான்கு போதும். முதற்கட்டம் கேள்வி: “தென்கிழக்கு அரேபியாவில் ஒட்டகம் எப்போது வளர்ப்பு விலங்காயிற்று?” இரண்டாவது, எவ்வெலும்புகள் எவற்றோடு ஒப்பிடப்பட்டன என்பது, இரு தளங்களின் பெயரும் காலமும் போதும். மூன்றாவதே பெரியது, அதில் ஒரு வரைபடம் மட்டும் இருக்கும். கிடைக்கோட்டில் எலும்பின் அளவு. மேல்வரிசையில் அல் சுஃபூ, கீழ்வரிசையில் முவைலா. அளவு அட்டவணையை இங்கு இடலாகாது. கேட்போருக்குக் காட்ட அது கையில் இருக்கட்டும். சுடுமண் ஒட்டக உருவங்கள் பற்றி ஒரு வரி, துணைச்சான்றாக, படத்தின் கீழே வரலாம். தூண் மண்டபத்திற்கும் எழுத்துப் பொறித்த ஓட்டிற்கும் இங்கு இடமில்லை. அவற்றை விட மனம் வராது. தமிழ் ஆய்வாளருக்குப் பொறிப்பை விடுவது கடினமே. எனினும் அவை எலும்பின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நான்காம் கட்டம் எல்லை. இதனைப் பலர் எழுதுவதே இல்லை. ஒட்டகத்தில் பெண் விலங்கு ஆணைவிடச் சிறியது. ஒரு தளத்தில் பெண் விலங்குகளின் எலும்புகள் மிகுந்திருந்தால், வளர்ப்பு இன்றியும் சராசரி குறையும். ஆகவே சராசரியை மட்டும் பாராமல், மிகப்பெரிய எலும்புகளும் சிறுத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். படம் புள்ளிகளின் முழுப் பரவலையும் காட்ட வேண்டியது இதனாலேயே. துறையறிந்தவர் முன்வந்து கேட்கும் முதற்கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விடை தாளிலேயே இருந்தால் உரையாடல் அடுத்த கேள்விக்கு நகரும். அகழ்ந்தவர், அளந்தவர் பெயர்களும் இக்கட்டத்தின் அடியில் வர வேண்டும்.

இவை அனைத்தும் சேர்ந்து 150 சொற்களைத் தாண்டாமல் இருப்பது நன்று. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் சாரியையும் ஏற்று நீள்வன. ஆங்கிலச் சுவரொட்டிக்குக் கூறப்படும் சொல்லெண்ணிக்கை இங்குப் பொருந்தாது. குறுகிய கட்டத்தில் இருபுறமும் சீராக்கி அச்சிட்டால் நீண்ட சொற்களுக்கிடையே பெரும் வெற்றிடங்கள் தோன்றும். இடப்புறம் மட்டும் சீராக்கினால் போதும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் மோதாதிருக்க வரியிடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

எழுத்தின் அளவைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஏ0 தாளின் நீள அகலங்கள் ஏ4 தாளைப்போல் நான்கு மடங்கு. முழுச் சுவரொட்டியையும் ஏ4 தாளில் அச்சிட்டு, 40 செ.மீ. தொலைவில் பிடித்துப் படித்தால், மாநாட்டில் 160 செ.மீ. தொலைவில் நிற்பவர் காண்பதைக் காணலாம். கண்ணைச் சுருக்க நேர்ந்தால், எழுத்தைப் பெரிதாக்க இடம் தேடாமல் உரையைக் குறைக்க வேண்டும்.

வளைகுடாவில் அச்சிடுவோர்க்கு இன்னுமொரு சோதனை உண்டு. அச்சகக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாதிருப்பது இயல்பு. எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். கோப்பாகவே கொடுத்து, பெரிய தாளில் அச்சிடுமுன் திரையில் தலைப்பைப் பார்க்க வேண்டும். “முவைலா” என்னும் பெயரே இதற்கு நல்ல தேர்வு: ஐகாரக் குறி வகரத்திற்கு முன்னே நிற்க வேண்டும். அது பின்னே சென்றோ, புள்ளி வட்டத்துடன் தனித்தோ நின்றால், ஏனைய கட்டங்களிலும் ஒகர, ஏகாரக் குறிகள் சிதைந்திருக்கும்.