டுமுபு வகுப்புக்குச் சேர்க்கை ஆரம்பம்!

இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையின் டைரிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கும். ‘நமது பள்ளிக்குப் புதிய இணையதளம்’ என்று தலைப்பு, கீழே நாலைந்து வரி, மூலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம். படித்து முடிக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த நாலைந்து வரிக்குப் பின்னால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் நடந்த கூத்து இருக்கிறதே, அதை வெளியே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்! சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள், வரி வரியாகக் காட்டுகிறேன்.

முதல் வரி: ‘பழைய சுற்றறிக்கைகள் அனைத்தையும் தேடிப் படிக்கலாம்.’

எத்தனை சாதுவான வரி! ஆனால் இதுதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த சுற்றறிக்கைகள் எல்லாம் ‘பாமினி’ எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தெரியும் தமிழ், எழுத்துரு போடும் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ‘மழை விடுமுறை’ என்று அடித்த சுற்றறிக்கையை என் போனில் திறந்தேன். இப்படி நின்றது:

```
kio tpLKiw
```

இதை அப்படியே தளத்தில் போட்டால் நீங்கள் ‘விடுமுறை’ என்று தேடும்போது ஒன்றுமே வராது. உள்ளே அந்தச் சொல்லே கிடையாதே! எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினால்தான் தேடல் வேலை செய்யும். மாற்றித் தர மென்பொருள் இருக்கிறது. ஒட்டினோம், பொத்தானை அழுத்தினோம், பக்கம் பக்கமாகத் தமிழ் கொட்டியது. கைதட்டினோம்!

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “சார், டுமுபு வகுப்புக்குச் சேர்க்கை ஆரம்பம்னு இருக்கே. அது என்ன சார் டுமுபு?”

கம்ப்யூட்டர் சார் குனிந்து பார்த்தார். அடுத்த வரியில் ‘ருமுபு’ வேறு இருந்தது. விஷயம் இதுதான்: சுற்றறிக்கையில் நடுநடுவே `LKG`, `UKG` என்று நிஜ ஆங்கிலமும் இருந்தது. மாற்றும் மென்பொருளுக்கு எது ஆங்கிலம், எது வேஷம் போட்ட தமிழ் என்று தெரியாது. பாமினியில் `L` என்றால் டு, `K` என்றால் மு, `G` என்றால் பு. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது! ஸ்டாஃப் ரூமே உருண்டு உருண்டு சிரித்தது.

சிரிப்பு அடங்கியது கட்டணப் பட்டியலைப் பார்த்தபோது. பாமினியில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ வரும். அதனால் ஆங்கில எழுத்துருவில் 12,500 என்று அடித்திருந்த தொகை மாறி வந்தபோது ‘12இ500’ ஆகியிருந்தது. டுமுபுவைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவீர்கள். ஃபீஸில் தடுமாறினால் வரிசையாக ஆபீஸுக்குப் போன் வரும். அதன் பிறகு முறையை மாற்றினோம். தமிழ்ப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மாற்றுவது, எண்களையும் ஆங்கிலத்தையும் தொடாமல் விடுவது, கடைசியில் இரண்டு எண்களுக்கு நடுவே ‘இ’ எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. இப்போது ‘பேருந்து’ என்றோ ‘சீருடை’ என்றோ தமிழில் தட்டிப் பாருங்கள், அந்தச் சொல் உள்ள சுற்றறிக்கைகள் வந்து நிற்கும்.

இரண்டாவது வரி: ‘மழை விடுமுறை விவரம் முகப்பிலேயே இருக்கும்.’

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் விடிகாலையில் நம் வாட்ஸ்அப் குழுக்களின் கதை உங்களுக்கே தெரியும். ஆட்சியர் அறிவிப்பு என்று ஒரு படம் வரும். உற்றுப் பார்த்தால் போன வருஷத்தது. நிஜ அறிவிப்பே வந்தாலும் அது மாவட்டம் முழுவதற்குமா, சில வட்டங்களுக்கு மட்டுமா, பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்று அடுத்த பட்டிமன்றம் தொடங்கும். அதனால்தான் முகப்பின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை. பள்ளி உண்டா, இல்லையா என்று ஒரே வரி.

அந்தப் பட்டையிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. போன்கள் ஒருமுறை திறந்த பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுமுறை பழையதையே நீட்டும் பழக்கம் உள்ளவை. சோதனையின்போது என் போனில் ‘இன்று விடுமுறை’, பக்கத்து நாற்காலி டீச்சர் போனில் ‘பள்ளி உண்டு’! அதே தளம், அதே நிமிஷம்! என்னுடையது முந்தின நாள் பக்கம். அதனால் பட்டையில் ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதுவதற்கே தடை. கிழமை, தேதி, பதிவிட்ட நேரம் மூன்றும் கட்டாயம் இருக்கும். தேதி பழையதாக இருந்தால் பக்கத்தைக் கீழே இழுத்துவிடுங்கள், புதியது வந்துவிடும்.

மூன்றாவது வரி: ‘விழாப் படங்களைக் காணலாம்.’

ஆண்டு விழாப் படங்கள் போனில் எடுத்தபடி ஒவ்வொன்றும் 4 எம்பி இருந்தன. ஒரு பக்கத்தில் 40 படம் போட்டால் 160 எம்பி, உங்கள் டேட்டா அங்கேயே காலி! அகலத்தைக் குறைத்து ஒரு படத்தை 200 கேபிக்குக் கொண்டுவந்தோம். இப்போது மொத்தமே 8 எம்பி. அதோடு, எடுத்த இடத்தின் விவரத்தைப் பல போன்கள் படத்துக்குள்ளேயே ஒளித்து வைக்கும். அதையும் நீக்கிவிட்டோம். படத்தின் கீழே பிள்ளைகளின் பெயர் இருக்காது. டைரியில் வரும் ஒப்புதல் படிவத்தில் நீங்கள் ‘வேண்டாம்’ என்று குறித்தால் உங்கள் பிள்ளை உள்ள படமும் வராது. கேசவர்த்தினி விளம்பரத்துக்குக் கூப்பிடலாம் போல நீள ஜடை பின்னிக் கும்மியடித்த நாலாம் வகுப்பைப் பார்க்கத் தவறாதீர்கள்!

இனி, அந்தக் கறுப்புக் கட்டம். க்யூஆர் கோடுதான். ஓவிய டீச்சர் ஆசையாக அதைச் சுற்றி மாவிலைத் தோரணம் வரைந்து தந்தார். கண்ணைப் பறித்தது! ஆனால் ஒரு போனும் படிக்கவில்லை. கட்டத்தின் நான்கு பக்கமும் குறைந்தது நான்கு சிறு சதுர அளவுக்கு வெள்ளை ஓரம் விட்டாக வேண்டும். அதை வைத்துத்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்று கேமரா கண்டுபிடிக்கும். தோரணம் தாளின் தலைப்புக்குப் பதவி உயர்வு பெற்றது. அடுத்தது ஜெராக்ஸ். மை மங்கினாலும் படிக்க வேண்டுமே என்று, 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீட்டுக்கொள்ளும் உயர்ந்த திருத்த அளவைத் தேர்ந்தெடுத்தோம். அந்த அளவில் சதுரங்கள் கூடும். ஆகவே முகவரியைச் சின்னதாக்கினோம். மங்கலான பிரதி ஒன்றை வாட்ச்மேன் அண்ணனின் பழைய போனில் நீட்டினோம். ‘டிங்’ என்று திறந்தது! ஸ்டாஃப் ரூமில் தேங்காய் பன் விநியோகம்.

கடைசி வரியை ஹெச்.எம். மேடம் தன் கையால் எழுதினார்: ‘தளத்தில் வரும் அறிவிப்புகள் அனைத்தும் அலுவலக வாசல் பலகையிலும் ஒட்டப்படும்.’ ஸ்மார்ட்போன் இல்லாத வீடும், போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடும் நம் பள்ளியில் உண்டு.

ஒன்று மட்டும் தளத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது: மார்க். யார் வேண்டுமானாலும் திறக்கும் இடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ரேங்க்கும் எதற்கு என்று முடிவெடுத்தோம். அது பழையபடி ப்ராக்ரஸ் கார்டில், உங்கள் கைக்கு மட்டும் வரும். இதை ஒன்பதாம் வகுப்பில் அறிவித்தபோது எழுந்த கரகோஷம், ஆண்டு விழாவில்கூட யாருக்கும் கிடைக்கவில்லை!