கடைசி உறுப்பைக் கவனியுங்கள்

கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரு பிளஸ் டூ கணக்கு: n முடிவிலியை நெருங்கும்போது 1/(n+1) + 1/(n+2) + … + 1/(2n) எதை நெருங்கும்?

ஒவ்வொரு உறுப்பும் பூஜ்ஜியத்தை நெருங்குவதால் விடையும் பூஜ்ஜியம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உறுப்புகள் சிறுக்கச் சிறுக்க, அவற்றின் எண்ணிக்கையும் பெருகுகிறதே!

r-ஆவது உறுப்பான 1/(n+r)-இலிருந்து 1/n-ஐ வெளியே எடுத்தால் (1/n) · 1/(1 + r/n) கிடைக்கும். இது 1/n அகலமுள்ள மெல்லிய செவ்வகத்தின் பரப்பு. r/n என்பது x ஆகும். 1/n என்பது dx ஆகும். r = 1 எனில் r/n பூஜ்ஜியத்தை நெருங்கும்; r = n எனில் அது 1. ஆகவே,

∫₀¹ dx/(1+x) = ln 2 ≈ 0.693

n = 10 என்று கூட்டிப் பார்த்தால் 0.669 வருகிறது, பூஜ்ஜியத்தின் பக்கத்தில்கூட இல்லை.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால்தான் ஆபத்து. கடைசி உறுப்பு 1/(3n) என்றிருந்தால் r, 2n வரை போகும். மேல் எல்லை 2, விடை ln 3.