வளைகாப்புப் படத்துக்கு இரண்டு வரி

பந்தி முடிவதற்குள் படங்கள் போனுக்கு வந்துவிடும். கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல், பக்கத்தில் சிரிக்கும் தோழிகள். அதில் நல்ல படத்தைப் பொறுக்குவது எளிது. அதன் கீழே எழுதும் இரண்டு வரியில்தான், பிரியம் மிகுந்து, தோழியே சொல்லாததையும் பலர் சொல்லிவிடுகிறார்கள்.

வழக்கமாக வரும் ஒரு வாசகம் இது: “ஏழாம் மாத வளைகாப்பு! எத்தனை வருஷத் தவம்! சீக்கிரம் வாடா, குட்டி இளவரசா!”

அன்பில் குறையில்லை. ஆனால் வளைகாப்பை ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில் செய்வது வழக்கம். எந்த மாதம் என்று எழுதிவிட்டால், விரல்விட்டு எண்ணிப் பிரசவ நாளைக் கணக்கிட்டுவிடலாம். அவள் அலுவலகத்தில் இன்னும் விடுப்பே கேட்காமல் இருக்கலாம். ‘வருஷத் தவம்’ என்ற சொல்லோ படிப்பவர்களைச் சிகிச்சையா, முன்பு ஏதாவது இழப்பா என்று யோசிக்க வைக்கும். அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. ‘இளவரசன்’ இன்னும் சிக்கல். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்கிறது. ஆசையாக எழுதிய சொல்லே, குடும்பத்துக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்ற பேச்சைக் கிளப்பும்.

அதே அன்பை இப்படியும் எழுதலாம்: “கை நிறைய வளையல், முகம் நிறையச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணியவளுக்கு இன்று ஐந்து வகைச் சாதம்! நல்லா இருடி.”

வளையலும் சிரிப்பும் படத்திலேயே தெரிபவை. டிபன் பாக்ஸ் இருவருக்கும் சொந்தமான நினைவு. வேறு யாராலும் இந்த வரியை எழுத முடியாது. நெருக்கம் அங்கேதான் தெரிகிறது. கருவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் கொண்டாட்டம் குறையவில்லை.

வரியைச் சரி செய்தாலும் படம் காட்டிக்கொடுக்கலாம். சீர்த்தட்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஃபைல், மேஜையில் வீட்டு முகவரியோடு அழைப்பிதழ் என்று எதுவும் சிக்கியிருக்கக் கூடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஓரத்தை வெட்டிவிடலாம். இடத்தின் பெயரைச் சேர்க்காமல் விடுவது நல்லது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. ஆனால் பார்ப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தக் கட்டுப்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் படத்தையும் வரியையும் முதலில் தோழிக்கே அனுப்பி, “போடட்டுமாடி?” என்று கேட்டுவிட வேண்டும். கண் திருஷ்டிக்கு அஞ்சி, குழந்தை பிறக்கும்வரை எதையும் வெளியிடாத குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவள் வேண்டாம் என்றால், அந்த இரண்டு வரி அவளுக்கு மட்டும் எழுதிய வாழ்த்தாகவே இருக்கட்டும்.